‘பேங்க் சார்ஜஸ்ல போட்டு வைங்க’: ஒரு எல்.சி.யின் கணக்கைக் கடைசிவரை பின்தொடர்வது எப்படி?

வெளிநாட்டிலிருந்து சரக்கு வரவழைக்கும் எந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவிலும் இந்த உரையாடல் வாரம் ஒருமுறையாவது நடக்கும். “சார், பேங்க்ல ஒரு டெபிட் வந்திருக்கு. எதுக்குன்னு தெரியலை.” “எவ்வளவு?” “நாலாயிரத்துச் சொச்சம்.” “பேங்க் சார்ஜஸ்ல போட்டு வைங்க, அப்புறம் பார்த்துக்கலாம்.” அந்த ‘அப்புறம்’ பெரும்பாலும் வருவதில்லை. வருடக் கடைசியில் பேங்க் சார்ஜஸ் லெட்ஜரில் சில லட்சம் ரூபாய் நிற்கும். அதில் எது எந்தச் சரக்குக்கு, எது சரியாகப் பிடிக்கப்பட்டது, எது திரும்பக் கேட்டு வாங்கியிருக்க வேண்டியது என்று யாராலும் சொல்ல முடியாது.

கம்ப்யூட்டரில் ஃபைனான்ஸ் மாட்யூல் வந்த பிறகும் இது மாறவில்லை. வங்கி பிடித்த ஒவ்வொரு ரூபாயையும் ஒரு எல்.சி. எண்ணோடு கட்டும் பழக்கம் வந்தால்தான் மாறும். அதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். இதில் வரும் விலை, டாலர் மதிப்பு, கமிஷன் விகிதம் எல்லாம் கணக்குப் புரிவதற்காக நானே வைத்துக்கொண்டவை. நடைமுறை நிஜமானது.

சிவகாசியில் அச்சுத் தொழில் செய்யும் ஒருவர் கொரியாவிலிருந்து 50 டன் ஆர்ட் பேப்பர் வாங்குகிறார். டன் 900 டாலர், தூத்துக்குடி துறைமுகம் வரை கப்பல் வாடகை சேர்த்து. மொத்தம் 45,000 டாலர். கொரியாக்காரருக்கு இவரைத் தெரியாது, இவருக்கும் அவரைத் தெரியாது. எனவே நடுவில் வங்கி வந்து நிற்கிறது. ‘ஒப்பந்தப்படி கப்பலில் ஏற்றியதற்கான ஆவணங்களைச் சரியாகக் கொடுத்தால், வாங்குபவர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நான் பணம் தருவேன்’ என்று வங்கி எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிதான் லெட்டர் ஆஃப் கிரெடிட் என்னும் எல்.சி. உலகம் முழுவதும் இதற்குப் பொது விதியாக இருப்பது யுசிபி 600. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் அடிப்படை ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்: வங்கி பார்ப்பது காகிதங்களை, சரக்கை அல்ல.

எல்.சி. திறந்ததும் வங்கி வெளிநாட்டு வங்கிக்கு ஸ்விஃப்ட் வழியாக ஒரு செய்தி அனுப்பும். MT700 என்பது அதன் பெயர். நம் கைக்கும் ஒரு நகல் வரும். அதை ஃபைலில் போட்டு மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். நம் எடுத்துக்காட்டில் ஜனவரி 5-ஆம் தேதி திறந்த எல்.சி.யில் கணக்குப் பிரிவுக்கு வேண்டியவை இந்தச் சில வரிகள்:

```
:31D:260303KOREA
:32B:USD45000,
:39A:10/10
:42C:90 DAYS FROM BL DATE
:44C:260210
:71D:ALL BANK CHARGES OUTSIDE INDIA ARE
FOR BENEFICIARY'S ACCOUNT
```

எல்.சி. மார்ச் 3-இல் காலாவதியாகும். தொகை 45,000 டாலர், பத்து சதவீதம் கூடவோ குறையவோ செய்யலாம். கப்பல் ரசீது தேதியிலிருந்து 90-ஆம் நாள் பணம் கொடுக்க வேண்டும். பிப்ரவரி 10-க்குள் சரக்கை ஏற்றிவிட வேண்டும். இந்தியாவுக்கு வெளியே ஆகும் வங்கிக் கட்டணம் எல்லாம் விற்பவர் தலையில். இந்த ஆறு விவரமும் மாட்யூலில் அந்த எல்.சி.க்கென்று ஒரு பதிவாக ஏற வேண்டும். எல்.சி. எண்தான் அந்தப் பதிவின் சாவி. இனி வரும் ஒவ்வொரு வவுச்சரும் அந்த எண் இல்லாமல் சேமிக்க முடியாதபடி அமைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எல்.சி. திறந்த அன்றே 45,000 டாலரைக் கடனாக எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. அன்றைக்குச் சரக்கும் வரவில்லை, சப்ளையருக்குக் கடனும் பிறக்கவில்லை. லெட்ஜரில் எதுவும் ஏறக் கூடாது. ஆனால் வங்கி நமக்குக் கொடுத்திருக்கும் எல்.சி. லிமிட்டில் அன்றே குறையும். அதுவும் 45,000 அல்ல, பத்து சதவீதம் சேர்த்து 49,500 டாலராகத்தான் பல வங்கிகள் குறைத்துக்கொள்ளும். எனவே லெட்ஜருக்கு வெளியே ஒரு லிமிட் பதிவேடு வேண்டும். டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் நம் காகிதக்காரரின் லிமிட்டில் 43,56,000 ரூபாய் அன்றைக்கு அடைபட்டிருக்கிறது. வங்கி மார்ஜின் கேட்டு அதற்காக ஒரு பிக்சட் டெபாசிட்டைப் பிடித்து வைத்திருந்தால், அந்த டெபாசிட்டின் எண்ணும் இதே எல்.சி. பதிவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்.சி. முடிந்து மாதக்கணக்கானாலும் டெபாசிட் பிடிபட்டபடியே கிடக்கும், விடுவிக்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்த நாளே முதல் டெபிட் வருகிறது. எல்.சி. கமிஷன் 43,560 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 7,840 ரூபாய் 80 காசு. இந்த 43,560 எப்படி வந்தது? நம் வங்கி காலாண்டுக்கு அரை சதவீதம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். எல்.சி. திறந்த நாளிலிருந்து காலாவதி வரை 57 நாள், அதன்மேல் கடன் காலம் 90 நாள், ஆக 147 நாள் வங்கி பொறுப்பில் நிற்கிறது. ஒரு காலாண்டைத் தாண்டி ஒரு நாள் ஆனாலும் அடுத்த காலாண்டு முழுவதற்கும் வாங்குவது பல வங்கிகளின் வழக்கம். எனவே இரண்டு காலாண்டு. 43,56,000-க்கு அரை சதவீதம் 21,780, இரண்டு மடங்கு 43,560. வங்கி பிடித்தது சரி.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தெரிந்தவருக்கு இன்னொன்றும் புரியும். கொரியாக்காரர், “சரக்கு தயாராகவில்லை, காலாவதியை ஏப்ரல் 7 வரை தள்ளிக் கொடுங்கள்” என்று கேட்கிறார் என்று வைப்போம். கேட்டால் 35 நாள்தான். திருத்தக் கட்டணம் ஓராயிரமோ இரண்டாயிரமோ ஆகும் என்று நினைத்து ஒப்புக்கொள்வோம். ஆனால் 147-உடன் 35 சேர்ந்தால் 182 நாள். இரண்டு காலாண்டின் 180 நாளை இரண்டு நாள் தாண்டுகிறது. மூன்றாவது காலாண்டுக்கு இன்னொரு 21,780 ரூபாய் போகும். ஏப்ரல் 5 வரை மட்டும் தள்ளியிருந்தால் அது மிச்சம். எல்.சி. பதிவில் மொத்த நாள் கணக்கு தானாகத் தெரிந்தால் திருத்தத்துக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே இதைப் பேசலாம், தாமதம் சப்ளையருடையது என்றால் இந்தச் செலவை அவர் பில்லில் கழிக்கச் சொல்லலாம். டெபிட் வந்த பிறகு லெட்ஜரில் எழுதும்போது தெரிந்து பயனில்லை.

நம் கதையில் தாமதம் ஆகவில்லை. பிப்ரவரி 2-இல் சரக்கு ஏறியது. காகிதம் சுருள் சுருளாக வருவதால் எடை அச்சாக 50 டன் நிற்காது. 52.4 டன் ஏறியது. பில் 47,160 டாலர். பத்து சதவீத வரம்புக்குள்தான் இருக்கிறது. கப்பல் வாடகை விற்பவர் கொடுத்தாலும், கப்பலில் ஏறியதும் சரக்கின் பொறுப்பு நம்முடையதாகிவிடும் வகை வியாபாரம் இது. எனவே அன்றைய டாலர் மதிப்பில், 88 ரூபாய் வீதம் 41,50,080 ரூபாய், வழியில் இருக்கும் சரக்காக ஒரு பக்கமும் சப்ளையர் கடனாக மறுபக்கமும் ஏறுகிறது.

ஆவணங்கள் நம் வங்கிக்கு வந்ததும், வந்த நாளுக்கு அடுத்ததிலிருந்து அதிகபட்சம் ஐந்து வங்கி நாளுக்குள் அவற்றைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். பிழை ஏதாவது இருந்தால் வங்கி நம்மைக் கேட்கும். இந்த இடத்தில் கணக்குப் பிரிவு கவனிக்க வேண்டியது பிழைக் கட்டணம். ஆவணத்தில் பிழை செய்தவர் சப்ளையர் என்பதால், அந்தக் கட்டணம் அவருக்குப் போகும் பணத்தில் கழிக்கப்படும் என்று எல்.சி.யிலேயே எழுதப்படுவது வழக்கம். ஆனாலும் சில சமயம் அது நம் கணக்கில் டெபிட் ஆகிவிடும். வெளிநாட்டு வங்கியின் கட்டணமும் அப்படியே வந்து உட்காரும். வேண்டுமென்றே செய்வதில்லை. வங்கிக் கிளையில் ஒருவர் ஒரு குறியீட்டை மாற்றி அடித்தால் போதும். கண்டுபிடிக்கும் வழி ஒன்றுதான்: டெபிட் வந்ததும் அந்த எல்.சி.யின் 71D வரியை எடுத்துப் பார்ப்பது. வெளிநாட்டுக் கட்டணம் விற்பவருக்கு என்று அதில் இருந்தால், அந்த வரியைக் குறிப்பிட்டு வங்கிக்கு ஒரு மெயில் போதும். அது தெரியும் வரை அந்த நாலாயிரத்துச் சொச்சம் செலவில் ஏறக் கூடாது. ‘வங்கியிடம் விளக்கம் கேட்டது’ என்று ஒரு தற்காலிகக் கணக்கில் எல்.சி. எண்ணோடு நிற்கட்டும். செலவில் ஏறிவிட்ட பணத்தை யாரும் தேட மாட்டார்கள். நிலுவையில் நிற்கும் பணம் மாதாமாதம் கண்ணில் படும்.

கொரியாவிலிருந்து வரும் கப்பல் சில வேளை ஆவணங்களை முந்திக்கொள்ளும். துறைமுகத்தில் வாடகை ஏறுமே என்று வங்கியிடம் ஷிப்பிங் கியாரண்டி வாங்கி, அசல் கப்பல் ரசீது இல்லாமலே சரக்கை எடுத்துவிடுவார்கள். இதில் இரண்டு விஷயம் உண்டு. கியாரண்டி கொடுக்கும்போதே, ஆவணத்தில் பிழை இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று வங்கி நம்மிடம் எழுதி வாங்கிவிடும். அசல் ரசீது வந்த பிறகு அதைக் கப்பல் கம்பெனியிடம் கொடுத்துக் கியாரண்டியைத் திரும்ப வாங்கி வங்கியில் ஒப்படைக்கும் வரை கியாரண்டிக் கமிஷனும் ஓடிக்கொண்டிருக்கும். சரக்கு குடோனுக்கு வந்துவிட்ட நிம்மதியில் இதை மறந்துபோவது மிகச் சாதாரணம். எல்.சி. பதிவில் ‘கியாரண்டி திரும்பியதா’ என்று ஒரு கட்டம் இருந்தால் மறக்காது.

இனி டாலர் மதிப்பு. ஒரே பில்லுக்கு மூன்று மதிப்பு வருவதுதான் புதிதாக வேலைக்கு வருகிறவர்களைக் குழப்புகிறது. கடனைப் புத்தகத்தில் எழுதியது 88-க்கு. சுங்க வரி கணக்கிடுவது சுங்கத் துறை அறிவிக்கும் தனி மதிப்பில், அது வரிக்கு மட்டும்தான். அதைக் கொண்டுவந்து சப்ளையர் கணக்கில் எழுதக் கூடாது. மூன்றாவது, கடைசியில் வங்கி நமக்கு டாலரை விற்கும் மதிப்பு. இந்த மூன்றையும் ஒரே கட்டத்தில் அடிக்கச் சொல்லும் மாட்யூல் இறக்குமதிக்கு லாயக்கில்லை.

நடுவில் மார்ச் 31 வருகிறது. கடன் இன்னும் டாலரில் நிற்கிறது. அன்றைய மதிப்பு 88 ரூபாய் 80 காசு என்றால், 47,160 டாலருக்கு 80 காசு வீதம் 37,728 ரூபாய் கடன் கூடிவிட்டது. கணக்குத் தரநிலை 11 சொல்வது, இந்த வித்தியாசம் அந்த வருடத்து லாப நஷ்டத்துக்குப் போக வேண்டும் என்று. காகிதத்தின் விலையில் சேர்க்கக் கூடாது, பேங்க் சார்ஜஸிலும் சேர்க்கக் கூடாது. வங்கி 88.50-க்கு டாலர் விற்றால், புது வருடக் கணக்கில் 30 காசு வீதம் 14,148 ரூபாய் லாபமாகத் திரும்பும். இரண்டையும் கழித்தால் இந்த எல்.சி.யில் டாலர் ஏற்றத்தால் போனது 23,580 ரூபாய். முதலாளி முன்பணமாக டாலரைப் பதிவு செய்து வைத்திருக்கலாமா, ஃபார்வர்டு போட்டிருக்கலாமா என்று யோசிக்க வேண்டிய எண் அதுதான். அது பேங்க் சார்ஜஸுக்குள் புதைந்திருந்தால் எப்படி யோசிப்பார்?

கெடு தேதி கப்பல் ரசீதிலிருந்து 90-ஆம் நாள், மே 3. அன்று ஞாயிற்றுக்கிழமை. பணம் மே 4, திங்களன்று போகும். அன்று காலை கணக்கில் 41,73,660 ரூபாய் இருக்க வேண்டும். இல்லாவிட்டாலும் வங்கி கொரியாவுக்குப் பணம் அனுப்பியே தீரும், அதுதான் எல்.சி.யின் பொருள். ஆனால் அந்தத் தொகை நம் பேரில் கட்டாயக் கடனாக மாறிவிடும். எல்.சி. டெவால்வ் ஆனது என்பார்கள். அபராத வட்டியும் ஓடும், அடுத்த முறை லிமிட் புதுப்பிக்கும்போது அந்தக் கறையும் பேசப்படும். ஆகவே கெடு தேதிகள் அனைத்தும் ஒரே பட்டியலில், அடுத்த மூன்று மாதத்துக்கு, ரூபாயில் தெரிய வேண்டும். பணப் பிரிவில் இருப்பவர் தினமும் முதலில் திறக்கும் திரை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பணம் போன அன்று இன்னொரு சின்ன டெபிட் வரும்: 1,561 ரூபாய் 26 காசு. எதற்கென்று எழுதியிருக்காது. டாலர் மாற்றிக் கொடுத்ததற்கான ஜிஎஸ்டி அது. பத்து லட்சத்துக்கு மேல் மாற்றினால் 5,500 ரூபாயும், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் 0.1 சதவீதமும் சேர்த்து அதைச் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொள்வது ஜிஎஸ்டி விதி. நம் தொகைக்கு அது 8,673 ரூபாய் 66 காசு வருகிறது, அதில் 18 சதவீதம்தான் இந்த டெபிட். மாதாந்திரம் பத்து எல்.சி. செலுத்துகிறவருக்கு இது சில்லறை அல்ல. இதையும் கமிஷன்மேல் பிடித்த 7,840 ரூபாயையும் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். ஒரு நிபந்தனை: வங்கிக் கணக்கில் நம் ஜிஎஸ்டி எண் பதிவாகி இருக்க வேண்டும். இல்லையென்றால் வங்கி அந்த வரியைப் பொதுவாகக் கட்டிவிடும், நம் ஜிஎஸ்டிஆர்-2பி படிவத்தில் வராது. வரிப் பணத்தையும் சேர்த்துப் பேங்க் சார்ஜஸில் எழுதுகிறவர்களுக்கு இது போனதே தெரியாது.

கமிஷன் 43,560 எங்கே போக வேண்டும்? இந்தச் சரக்கை வாங்குவதற்காகவே ஆன செலவு என்பதால் சரக்கின் அடக்க விலையில் சேர்ப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. 52,400 கிலோவுக்குப் பகிர்ந்தால் கிலோவுக்கு 83 காசு. கிலோ 79 ரூபாய் 20 காசுக்கு வாங்கிய காகிதத்தில் அச்சுக் கூலி பேசும்போது 83 காசு தெரிந்திருக்க வேண்டிய எண். கடன் காலத்துக்கான பகுதியை மட்டும் நிதிச் செலவாகப் பிரிக்கும் ஆடிட்டர்களும் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. எதுவானாலும் ஒருமுறை முடிவெடுத்து எல்லா எல்.சி.க்கும் அதையே கடைப்பிடிக்க வேண்டும். டெவால்வ் ஆகி ஓடிய வட்டியை மட்டும் சரக்கு விலையில் ஏற்றவே கூடாது.

பணம் போய்விட்டால் எல்.சி. முடிந்துவிட்டதா? இல்லை. நாம் திறந்தது 49,500 வரை, எடுத்தது 47,160. மிச்சமுள்ள 2,340 டாலர், சுமார் இரண்டு லட்சம் ரூபாய், வங்கியின் ஏட்டில் நம் பொறுப்பாகவே நிற்கலாம். காலாவதிக்குப் பிறகு எழுதிக் கேட்டு அதை நீக்கி லிமிட்டை மீட்க வேண்டும். அடுத்து ரிசர்வ் வங்கியின் ஐடிபிஎம்எஸ். 2016 அக்டோபரில் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், சுங்கத்தில் தாக்கலான பில் ஆஃப் என்ட்ரி ஒரு பக்கம் வந்து நிற்கும், வெளிநாட்டுக்குப் போன பணத்தின் பதிவு மறுபக்கம் வந்து நிற்கும். இரண்டையும் நம் வங்கி பொருத்தி முடிக்க வேண்டும். எடைக் குறைவுக்காக சப்ளையர் தள்ளுபடி கொடுத்தாலோ, ஒரு பில்லுக்கு இரண்டு தடவையாகச் சரக்கு வந்தாலோ தொகை ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் நிலுவையில் தங்கிவிடும். அடுத்த எல்.சி. திறக்கப் போகும் நாளில்தான் வங்கி அதைக் கேட்கும். அதனால் ஒரு எல்.சி. பதிவை மூடுவதற்கு மாட்யூல் நான்கு கேள்வி கேட்க வேண்டும்: பணம் போனதா, மிச்ச லிமிட் மீண்டதா, மார்ஜின் டெபாசிட் விடுபட்டதா, பில் ஆஃப் என்ட்ரி பொருத்தப்பட்டதா. நான்குக்கும் ஆம் என்றால்தான் மூடப்பட்டது.

இறக்குமதி செய்கிறவர் என்றால், இந்த வாரமே பேங்க் சார்ஜஸ் லெட்ஜரைத் திறந்து, கடந்த ஆறு மாத டெபிட்களில் எல்.சி. எண் இல்லாதவற்றை மட்டும் பிரித்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த எல்.சி., எந்தக் கட்டணம் என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். தவறாகப் பிடித்ததை வங்கி திருப்பிக் கொடுக்கும், ஆனால் கேட்டால்தான் கொடுக்கும். கேட்கும்போது அந்த எல்.சி.யின் MT700 நகலையும் இணைத்து அனுப்புங்கள்.